நைட் கேபிடலைக் கவிழ்த்தது ஃப்ளாக்கா?

"வேலை முடியாத கோடு புரொடக்‌ஷன் பக்கமே போகக் கூடாது." பல மென்பொருள் நிறுவனங்களில் இது எழுதப்படாத சட்டம். புதிய வசதியைத் தனி பிராஞ்சில் வைத்து முழுதாக முடித்து, சோதித்து, மேலாளர் தலையசைத்த பிறகுதான் மெயினில் சேர்க்க வேண்டும் என்பார்கள். பாதி முடிந்த வேலையை ஃபீச்சர் ஃப்ளாக் ஒன்றின் பின்னால் அணைத்துவைத்து, அன்றன்றே புரொடக்‌ஷனுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கூட்டத்தில் முகங்கள் சுளிக்கும். கொஞ்சம் படித்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தால் துருப்புச் சீட்டை இறக்குவார்: "நைட் கேபிடல் கதை தெரியாதா? ஒரு ஃப்ளாக்தான் அந்த நிறுவனத்தையே முடித்தது."

கதை எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கப் பங்குச்சந்தையின் பெரிய தரகு நிறுவனங்களில் ஒன்றான நைட் கேபிடல், 2012 ஆகஸ்ட் 1 அன்று காலை முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. காரணம் மென்பொருள். அதில் ஒரு ஃப்ளாக் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் இந்தச் சீட்டை இறக்குகிறவர்களில் பெரும்பாலோர், அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட தீர்ப்பாணையைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. அது பொது ஆவணம், தேடினால் கிடைக்கும். அதைப் பொறுமையாகப் படித்தால், நைட் கேபிடல் ஃப்ளாக்குக்கு எதிரான சாட்சி அல்ல என்பது புரியும். ஃப்ளாக்கை வேலை முடிந்தபின் அகற்றாதவர்களுக்கு எதிரான சாட்சி அது.

நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். நைட் கேபிடலில் ஸ்மார்ஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஒரு பெரிய ஆர்டரை (அதைத் தாய் ஆர்டர் என்பார்கள்) சிறு சிறு சேய் ஆர்டர்களாகப் பிரித்துச் சந்தைக்கு அனுப்புவது அதன் வேலை. எட்டு சர்வர்களில் அது ஓடியது. நியூயார்க் பங்குச்சந்தை, சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஆர்எல்பி என்ற புதிய திட்டத்தை ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்தது. அதில் பங்கேற்க ஸ்மார்ஸில் புதிய கோடு தேவைப்பட்டது.

புதிய கோடு வந்து உட்கார வேண்டிய இடத்தில் பழைய கோடு ஒன்று கிடந்தது. பெயர் பவர் பெக். 2003-லேயே நைட் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. ஆனால் அழிக்கவில்லை, கூப்பிட்டால் எழுந்து வரும் நிலையிலேயே விட்டுவைத்தது. தாய் ஆர்டரில் கேட்ட அளவு பங்குகள் வாங்கி முடிந்ததும் சேய் ஆர்டர் அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் எண்ணிக்கைக் கணக்கு ஒன்று பவர் பெக்கில் இருந்தது. 2005-ல் அந்தக் கணக்கை ஸ்மார்ஸின் வேறொரு கட்டத்துக்கு நகர்த்தினார்கள். யாரும் பயன்படுத்தாத கோடுதானே என்று, நகர்த்திய பிறகு பவர் பெக்கை மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பவர் பெக்குக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

2012-ல் ஆர்எல்பி கோடு எழுதியபோது புதிய ஃப்ளாக் ஒன்றை உருவாக்கவில்லை. பவர் பெக்கை எழுப்பப் பயன்பட்ட அதே பழைய ஃப்ளாக்கை எடுத்து, "இது 'ஆம்' என்று இருந்தால் இனி ஆர்எல்பி" என்று பொருளை மாற்றினார்கள். பவர் பெக் கோடு அதே வெளியீட்டில் அழிந்துவிடும், ஆகவே குழப்பம் வராது என்பது திட்டம். ஜூலை 27 முதல் சில நாட்களாகப் புதிய கோட்டை சர்வர்களில் ஏற்றினார்கள். ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறை அந்த நிறுவனத்தில் இல்லை. ஏழு சர்வர்களில் அந்த ஃப்ளாக்குக்கு ஒரு பொருள். எட்டாவதில் ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய பொருள்.

சந்தை திறக்கும் முன்பே, காலை 8.01 முதல், நைட்டின் உள் அமைப்பு ஒன்று மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கியது. அவற்றில் ஸ்மார்ஸின் பெயரும் `Power Peg disabled` என்ற பிழைக் குறிப்பும் இருந்தன. 9.30-க்கு மணி அடிப்பதற்குள் 97 மின்னஞ்சல்கள். அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால் வழக்கம்போல யாரும் திறந்து பார்க்கவில்லை. சந்தை திறந்ததும் எட்டாவது சர்வருக்கு வந்த ஆர்எல்பி ஆர்டர்கள் பவர் பெக்கை எழுப்பின. 212 தாய் ஆர்டர்களுக்காக லட்சக்கணக்கான சேய் ஆர்டர்கள் பறந்தன. 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்து, 39.7 கோடிப் பங்குகள் கைமாறின.

பதற்றத்தில் பொறியாளர்கள் செய்த காரியம்தான் இந்தக் கதையில் அதிகம் கவனிக்க வேண்டியது. புதிய கோட்டில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கிப் பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். ஆர்டர்களோ அந்த ஃப்ளாக்கைச் சுமந்தபடி வந்துகொண்டே இருந்தன. ஒரு சர்வரில் எழுந்த பவர் பெக் அந்த ஏழிலும் எழுந்துவிட்டது.

இனி குற்றப்பத்திரிகையை எழுதிப் பார்க்கலாம். முடியாத வேலையைப் புரொடக்‌ஷனுக்கு அனுப்பியதால் வந்த விபத்தா இது? இல்லை. ஆர்எல்பி கோடு முடிந்த கோடு. ஏழு சர்வர்களில் சொன்னபடி வேலை செய்தது. தனி பிராஞ்சில் ஆறு மாதம் வைத்திருந்து சேர்த்திருந்தாலும், எட்டாவது சர்வரில் அதை ஏற்ற மறந்திருந்தால் அதே கதிதான். விபத்துக்குப் பொறுப்பானவை வேறு: செத்த கோட்டை ஒன்பது ஆண்டுகள் அழிக்காமல் வைத்தது, பழைய ஃப்ளாக்குக்குப் புதுப் பொருள் கொடுத்தது, எல்லா சர்வர்களிலும் ஒரே பதிப்பு ஓடுகிறதா என்று பார்க்காதது, ஃப்ளாக்கை அணைக்காமல் கோட்டைப் பின்வாங்கியது. இவற்றில் எதற்கும் பிராஞ்ச் மருந்தல்ல.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நைட்டில் இருந்த ஃப்ளாக், ஒவ்வொரு ஆர்டரோடும் சேர்ந்து வந்த ஒரு குறி. இன்று ஒரு திரையில் சொடுக்கினால் சில நொடிகளில் எல்லா சர்வர்களிலும் அணையும் ஃபீச்சர் ஃப்ளாக் அல்ல அது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, இன்றைய கருவியை அன்றைய விபத்தை வைத்துத் தண்டிப்பதில் நியாயமில்லை. அப்படி ஒரு விசை அன்று கையில் இருந்திருந்தால் அந்தப் பொறியாளர்கள் முதலில் அதைத்தான் தேடியிருப்பார்கள்.

பிராஞ்ச்காரர்கள் நம்பும் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பேருந்துப் பயணச்சீட்டு விற்கும் ஓர் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும் என்று கணக்கிடும் பகுதியை மாற்ற வேண்டும். இதுவரை முழுச் சீட்டையும்தான் ரத்து செய்ய முடியும். இனி நான்கு பேரில் ஒருவரை மட்டும் ரத்து செய்யலாம். ஆறு வார வேலை. தனி பிராஞ்சில் செய்தால் அந்த ஆறு வாரமும் மெயின் சும்மா இருக்காது. வரிக்கணக்கை ஒருவர் மாற்றுவார், தள்ளுபடிக் கூப்பனை இன்னொருவர் சேர்ப்பார், இரண்டு பேரும் அதே கோப்பைத் தொடுவார்கள். ஆறாவது வாரம் மெர்ஜ் செய்யும்போது முட்டல் வரும் இடங்களை கிட் காட்டிக் கொடுக்கும். வரிகள் முட்டாமல் பொருள் மட்டும் முட்டும் இடங்களை அது காட்டாது. புதிய கணக்கு கூப்பன் தள்ளுபடியைக் கழிக்காமல் முழுத்தொகையைத் திருப்பித் தருகிறது என்பதை, எல்லாப் பயணிகளுக்கும் ஒரே நாளில் திறந்துவிட்ட பிறகு கணக்குப்பிரிவுதான் கண்டுபிடிக்கும். ஆறு வார ஆபத்தை ஒரே இரவில் மொத்தமாக எடுத்துக்கொள்வதைப் பாதுகாப்பு என்று அழைப்பது விசித்திரம்.

ஃப்ளாக் வழியில் முதல் நாளே இந்தச் சில வரிகள் மெயினில் சேர்ந்துவிடும்:

```python
def refund_amount(booking, cancelled_at):
    if flags.is_on("refund_per_seat_2025",
                   key=booking.id, default=False):
        return refund_per_seat(booking, cancelled_at)
    return refund_flat(booking, cancelled_at)
```

அன்று `refund_per_seat` வெறும் கூடுதான். ஃப்ளாக் அணைந்திருப்பதால் பயணிகள் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் கூப்பன் எழுதுகிற சக ஊழியர் தன் மாற்றத்தைச் செய்யும்போது இந்தக் கோடும் அவர் கண்முன்னே இருக்கும். இரண்டு பாதைகளுக்கும் எழுதிய சோதனைகள் அன்றைக்கே ஓடும். முட்டல் வந்தால் அது நடக்கும் நாளில், சம்பந்தப்பட்ட இருவருக்கும் நினைவு பசுமையாக இருக்கும்போதே வரும்.

இந்தச் சில வரிகளிலேயே கவனிக்க வேண்டிய முடிவுகள் சில இருக்கின்றன. `default=False` என்பது, ஃப்ளாக் சேவையே எட்டாமல் போனால் பழைய வழி என்று சொல்கிறது. தெரியாத நேரத்தில் முடியாத கோடு ஓடிவிடக் கூடாது. `key=booking.id` என்பது ஒரே முன்பதிவுக்கு எப்போதும் ஒரே விடை என்பதற்காக. ஆனால் இதுவும் போதாது. பயணியின் திரையில் "உங்களுக்கு 840 ரூபாய் திரும்பக் கிடைக்கும்" என்று காட்டிய நொடிக்கும், அவர் உறுதி செய்யும் நொடிக்கும் இடையில் யாராவது ஃப்ளாக்கை மாற்றினால் வங்கிக்கு வேறு தொகை போகும். ஆகவே தொகையைக் காட்டும்போதே எந்த வழியில் கணக்கிட்டோம் என்பதையும் முன்பதிவோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும். உறுதி செய்யும்போது ஃப்ளாக்கை மறுபடி கேட்கக் கூடாது. ஃப்ளாக் ஆபத்தானது என்று புலம்புகிறவர்கள் பட்ட அடிகளில் பல, ஒரே செயலுக்கு நடுவில் ஃப்ளாக்கை இரண்டு தடவை கேட்டதால் விழுந்தவை.

வேலை முக்கால்வாசி முடிந்ததும் அடுத்த கட்டம். பணம் கொடுப்பது பழைய கணக்குதான். பின்னணியில் புதிய கணக்கையும் ஓட்டி, இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் பதிவு செய்யலாம். கூப்பன் பிழை இங்கேயே அகப்படும், ஒரு ரூபாய்கூட வெளியே போகாமல். இது புதிய தந்திரமல்ல. 2008-ல் ஃபேஸ்புக் தன் அரட்டை வசதியை ஏறத்தாழ 7 கோடிப் பயனர்களுக்குத் திறப்பதற்கு முன், திரையில் எதையும் காட்டாமல், அவர்களுடைய பக்கங்களை அரட்டை சர்வர்களோடு இணைத்துச் செய்தி அனுப்புவதுபோல் பாவனை செய்ய வைத்தது. பயனர்களுக்கு அப்படியொன்று நடப்பதே தெரியாது. அந்தச் சுமையை ஒரு சோதனைக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்திருக்க முடியுமா? முடியாத வேலையைப் புரொடக்‌ஷனில் ஓட்டியதால்தான் முடிந்த வேலை நிமிர்ந்து நின்றது.

ஃப்ளாக் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் உலகெங்கும் தடுமாறியது. மே 29 அன்று சேர்த்த புதிய கோடு ஒன்று, குறிப்பிட்ட வகைக் கொள்கைத் தரவு வந்தால் மட்டுமே ஓடும். ஒவ்வொரு பகுதியாக நிதானமாகத்தான் அதை வெளியிட்டார்கள். ஆனால் அந்தத் தரவு வராததால் வெளியீட்டின்போது அது எங்கேயும் ஓடவே இல்லை. ஜூன் 12 அன்று வெற்றுப் புலங்களோடு ஒரு கொள்கை மாற்றம் உள்ளே வந்து, நொடிகளில் உலகம் முழுக்கப் பரவியதும், அந்தக் கோடு எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் விழுந்தது. கூகுளின் சொந்த அறிக்கையே இரண்டு குறைகளைச் சொன்னது: பிழையைக் கையாளும் வரிகள் இல்லை, ஃப்ளாக்கால் பாதுகாக்கப்படவும் இல்லை. ஃப்ளாக் இருந்திருந்தால் புரொடக்‌ஷனுக்கு முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டிருக்கும் என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. அந்தக் கோடு முடிந்த கோடு. முறையாக வெளியிடப்பட்ட கோடு. "முடித்துவிட்டு அனுப்பு" என்ற சட்டம் அதைக் காப்பாற்றவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றுக்கு எடை உண்டு. பத்து ஃப்ளாக் இருந்தால் 1024 சேர்க்கைகள்; எல்லாவற்றையும் யார் சோதிப்பது என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சோதிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பணம் திரும்பத் தரும் கணக்கின் ஃப்ளாக்கும், முகப்புப் பக்கத்து விளம்பரப் பலகையின் ஃப்ளாக்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இன்று புரொடக்‌ஷனில் இருக்கும் நிலை, நாளை நாம் ஒரு ஃப்ளாக்கை ஏற்றினால் வரப்போகும் நிலை என இந்த இரண்டையும் சோதித்தால் பெரும்பாலான நேரம் போதும். ஒரே கோப்பில் இரண்டு ஃப்ளாக் பின்னிக்கொண்டால் மட்டும் அந்த நான்கு நிலைகளையும் பார்க்க வேண்டும். மூன்றாவது ஃப்ளாக் அதே கோப்புக்குள் நுழைய வந்தால், பழையதில் ஒன்றை அகற்றிவிட்டு வரச் சொல்வதுதான் முறை.

ஃப்ளாக் காப்பாற்றாத இடங்களும் உண்டு. தரவுத்தளத்தில் ஒரு பத்தியை அழித்துவிட்டால், எந்த ஃப்ளாக்கை அணைத்தாலும் அது திரும்பாது. முதலில் புதியதைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, கடைசியில்தான் பழையதை எடுக்க வேண்டும். சர்வர் எழும்போதே ஓடும் வரிகளை, ஃப்ளாக் மதிப்பு வந்து சேர்வதற்கு முன் எதுவும் தடுக்காது. கைப்பேசிச் செயலிக்குள் அனுப்பிய முடியாத வசதி அணைந்திருந்தாலும், செயலியைப் பிரித்துப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். வெளிவராத வசதிகள் இப்படித்தான் செய்தியாகக் கசிகின்றன. ரகசியம் காப்பது ஃப்ளாக்கின் வேலை அல்ல.

பிராஞ்ச்காரர்களுக்குச் சொன்ன அதே கடுமையோடு, மறுபக்கத்து நண்பர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. ஃப்ளாக்கை ஆர்வமாகச் சேர்ப்பவர்கள் சொல்லும் வழக்கமான பதில்: "எடுக்கத்தான் போகிறோம், நேரம் கிடைக்கும்போது." நேரம் கிடைப்பதில்லை. வசதி வெளியானதும் குழு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஃப்ளாக் நூறு சதவீதத்தில் நிற்கும். பழைய வழி யாரும் தொடாமல், யாரும் சோதிக்காமல் அழுகும். 2005-ல் பவர் பெக்குக்கு நடந்தது துல்லியமாக இதுதான். செத்த கோடு அப்படியே இருக்கவில்லை. சுற்றியிருந்த கோடு மாறியதால் அது மேலும் ஆபத்தானதாக மாறியது. நைட் கேபிடலை மேற்கோள் காட்டும் உரிமை யாருக்காவது உண்டென்றால், அகற்றாத ஃப்ளாக்குகளைத் திட்டுகிறவர்களுக்குத்தான்.

அகற்றுவதிலும் வரிசை முக்கியம். இங்கே தவறு செய்பவர்கள் ஏராளம். நூறு சதவீதத்துக்கு வந்து, பணம் திரும்பும் ஒரு முழுச் சுழற்சி பிரச்சினையின்றி முடிந்தபின், சுத்தம் செய்யும் ஆர்வத்தில் ஒருவர் ஃப்ளாக் மேலாண்மைத் திரைக்குப் போய் `refund_per_seat_2025` என்ற பதிவை அழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோட்டில் `default=False` இன்னும் நிற்கிறது. பதிவு இல்லை என்றால் விடை "இல்லை". அந்த நொடியே எல்லாப் பயணிகளும் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருவரை மட்டும் ரத்து செய்த முன்பதிவுகளைப் பழைய கணக்குக்குப் புரிந்துகொள்ளவே தெரியாது. சுத்தம் செய்யப் போன கை விபத்தை உண்டாக்கும்.

சரியான வரிசை நேர்மாறானது. முதலில் கோடு:

```python
def refund_amount(booking, cancelled_at):
    return refund_per_seat(booking, cancelled_at)
```

`refund_flat`, அதன் சோதனைகள், அதற்காக மட்டும் இருந்த துணைக் கோடுகள் எல்லாம் இதே மாற்றத்தில் போக வேண்டும். `if`-ஐ மட்டும் எடுத்துவிட்டுப் பழைய செயல்பாட்டை "இருக்கட்டும்" என்று விட்டால் அது அடுத்த பவர் பெக். பிறகு எல்லா சர்வர்களிலும் ஏற்றுவது. ஏறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஏற்றியவரைக் கேட்டு அல்ல. இந்த ஃப்ளாக்கை யார் எத்தனை தடவை கேட்கிறார்கள் என்பதை சர்வர் வாரியாக எண்ணிவைத்தால், எல்லாம் பூஜ்யத்துக்கு வந்த இடத்தில் ஒன்று மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் அதுதான் எட்டாவது சர்வர். இப்படி சர்வர் வாரியாகச் சரிபார்க்கும் வழக்கம் நைட்டிடம் இருந்திருந்தால், விட்டுப்போன சர்வர் ஆகஸ்ட் 1-க்கு முன்பே தனியாகத் தெரிந்திருக்கும். எண்ணிக்கை எல்லா இடத்திலும் பூஜ்யமாகி, பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டிய தேவை இனி வராது என்று உறுதியான பிறகே ஃப்ளாக் பதிவை அழிக்க வேண்டும். அந்தப் பெயரை மறுபடி யாரும் பயன்படுத்தக் கூடாது. அகற்றிய பெயர்களின் பட்டியலை வைத்து, அதில் உள்ள பெயர் புதுக் கோட்டில் வந்தால் பில்ட் நிற்கும்படி செய்வது சின்ன வேலைதான். பெயரோடு ஆண்டைச் சேர்த்து எழுதுவதும் அதற்கு உதவும்.

இடையில் ஏதாவது கெட்டால், முதலில் ஃப்ளாக்கை அணைக்க வேண்டும், அதன் பிறகுதான் கோட்டைப் பின்வாங்க வேண்டும். ஃப்ளாக் அணையாத நிலையில் கோட்டைப் பின்வாங்கியதால்தான் அன்று அந்த ஏழு சர்வர்களும் எட்டாவதோடு சேர்ந்தன.

இதெல்லாம் மனித ஒழுக்கத்தை நம்பி நடக்காது என்பது எதிர்த்தரப்பின் கடைசிக் கணை. உண்மை, நடக்காது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஒழுக்கத்தை நம்புவதை விட்டுவிட்டன. குரோமியம் உலாவியின் மூலக்கோட்டில் `flag-metadata.json` என்றொரு கோப்பு இருக்கிறது. `chrome://flags` பக்கத்தில் தோன்றும் ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் அதில் பொறுப்பாளர் யார், எந்தப் பதிப்போடு காலாவதியாகிறது என்று எழுதியாக வேண்டும். காலாவதியே வேண்டாம் என்பவர் அதற்கென உள்ள தனிப் பட்டியலில் இடம்பிடிக்க வேண்டும். ஊபர் இன்னும் ஒரு படி மேலே போய், நூறு சதவீதத்தில் நின்றுவிட்ட ஃப்ளாக்குகளின் பழைய வழியைத் தானே வெட்டி மாற்றமாக எழுதித் தரும் பிரான்யா என்ற கருவியை உருவாக்கியது. 2020-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையின்படி, 1381 ஃப்ளாக்குகளுக்கு அது எழுதித் தந்த மாற்றங்களில் 65 சதவீதம், மனிதக் கை எதையும் திருத்தாமல் அப்படியே சேர்ந்தன. கருவி திறந்த மூலமாகவும் வெளிவந்திருக்கிறது. கருவி இல்லாத சிறு குழுவுக்கும் ஒரு வழி உண்டு: ஃப்ளாக்கைச் சேர்க்கும் அன்றே, அதை அகற்றும் மாற்றத்தையும் எழுதித் தனியாக வைத்துக்கொள்வது. எந்தெந்த வரிகள் போக வேண்டும் என்பது அன்றுதான் முழுதாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அதை மெயினோடு பொருத்தச் சிறிது திருத்த வேண்டியிருக்கும். ஆனால் அகழாய்வு தேவைப்படாது.

காலாவதித் தேதி கடந்தால் பில்ட் உடைய வேண்டுமா என்று ஒரு சச்சரவு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை அவசரத் திருத்தம் ஒன்றை அனுப்பும்போது சம்பந்தமில்லாத ஃப்ளாக் வழிமறித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஒரு வாரம் முன்பிருந்தே எச்சரித்துவிட்டு உடைவது நியாயம். உடைவது பில்டில் மட்டும் இருக்க வேண்டும். தேதி வந்ததும் ஓடுகிற நிரலில் ஃப்ளாக் தானாக அணைவதுபோல் எழுதுவது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவது.

முடியாத வேலையை மெயினில் சேர்க்க மறுக்கும் குழுவில் இருப்பவரானாலும், ஃப்ளாக்கைத் தாராளமாகச் சேர்க்கும் குழுவில் இருப்பவரானாலும், வாசகர் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். தங்கள் கோட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு ஃப்ளாக்கின் பெயரை எடுத்து, அது முதலில் நுழைந்த நாளைக் கேட்கலாம்:

```
git log -S'refund_per_seat_2025' --reverse --format='%as %an %s'
```

முதல் வரியில் தேதியும், சேர்த்தவர் பெயரும் வரும். தேதி ஓராண்டைத் தாண்டி, ஃப்ளாக் நூறு சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால், புதிய ஃப்ளாக் எதையும் சேர்ப்பதற்கு முன் அதை அகற்றும் வேலையை இந்த வாரப் பட்டியலில் முதலாவதாகப் போடுங்கள். சேர்த்தவர் இன்னும் நிறுவனத்தில் இருந்தால் அவரிடமே கேட்டுத் தொடங்குங்கள்.